வார்டன் படிக்காத கடிதம்

1989இல் ஆறாம் வகுப்புக்கு என்னைப் பாளையங்கோட்டையில் ஒரு விடுதியில் சேர்த்தார்கள். காலை 5 மணிக்கு மணி அடிக்கும். குளியல், ஸ்டடி, டிபன், பள்ளிக்கூடம், மறுபடி ஸ்டடி, 9 மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். இதெல்லாம் பத்து நாளில் பழகிவிட்டது. கடைசிவரை பழகாதது ஞாயிற்றுக்கிழமைக் கடிதம்.

டிபன் முடிந்ததும் ஆளுக்கொரு இன்லண்ட் லெட்டர் தருவார்கள். 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கி, நன்றாகப் படிக்கிறேன், சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று எழுதி, ஒட்டாமல் வார்டன் மேசையில் வைக்க வேண்டும். அவர் படித்துப் பார்த்துத்தான் ஒட்டுவார். 'அம்மா ஞாபகமாவே இருக்கு' என்று நான் எழுதிய முதல் கடிதத்தை என் கண்முன்னாலேயே கிழித்தார். "இதப் படிச்சா வீட்ல கஷ்டப்பட மாட்டாங்களா?" என்று கேட்டார். பதினோரு வயதில் அதற்கு என்ன பதில் சொல்வது? நான் அழுதால் அம்மாவுக்குத்தான் கஷ்டம் என்று நம்பிவிட்டேன்.

தீபாவளி லீவு முடிந்து திரும்பியபோது தாங்க முடியவில்லை. போஸ்ட் கார்டு 15 பைசாதான், ஆனால் எங்கள் கைக்காசு முழுக்க வார்டனிடம் இருந்தது. வீட்டிலிருந்து வந்து படிக்கும் ஒரு பையனிடம் என் சென்ட் ரப்பரைக் கொடுத்து ஒரு கார்டு வாங்கினேன். ராத்திரி எல்லோரும் தூங்கியபிறகு, பாத்ரூம் வாசல் பல்பு வெளிச்சத்தில் குத்துக்காலிட்டு எழுதினேன். 'அம்மா, தூக்கம் வரல. ஒரு தடவை வந்துட்டுப் போ. வார்டன்கிட்ட சொல்லாத.' மறுநாள் அவனே தபால்பெட்டியில் போட்டான்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரர்தான் திண்ணையில் நின்று வாசித்துக் காட்டியிருக்கிறார். அடுத்த வாரமே வந்துவிட்டாள். "இந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வந்தேன் சார்" என்று வார்டனிடம் சொன்னாள். வேப்பமரத்தடியில் அரைமணி நேரம் என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கார்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். பத்தாவது வரை அங்கேதான் படித்தேன்.

அதே 1989 நவம்பரில்தான் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை ஏற்றது. அதன் 16ஆவது பிரிவு, குழந்தையின் கடிதப் போக்குவரத்தில் யாரும் தன்னிச்சையாகத் தலையிடக் கூடாது என்கிறது. 1992இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. இது எனக்குத் தெரியவந்தபோது என் மகனே விடுதியில் இருந்தான்.

அவனுக்குக் கடிதம் கிடையாது, வாரம் ஒரு போன். பேசும்போது வார்டன் பக்கத்திலேயே நிற்பார். "நல்லா இருக்கேன்ப்பா" என்பான், என் இன்லண்ட் லெட்டரில் இருந்த அதே வரி. எந்தப் பிள்ளையும் தனியாகப் பேச விடுதிகள் பத்து நிமிஷமாவது விட வேண்டும். விடாத இடத்தில், பிள்ளை ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லும்படி பெற்றோர்தான் கேட்க வேண்டும். ராத்திரி தூக்கம் வருதா, யாராவது அடிக்கிறாங்களா, நான் வரட்டுமா. மூன்றாவது கேள்விக்கு என் மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "ம்" என்றான். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கிளம்பினேன்.