மணலில் பழகிய காலும் கிரிவலப் பாதையும்

"நாமெல்லாம் கடற்கரைக்காரர்கள், வெறுங்காலில் நடந்தே வளர்ந்தவர்கள், திருவண்ணாமலையைப் பகலிலேயே சுற்றலாம், காலுக்கு ஒன்றும் ஆகாது" என்று நம் பக்கத்தில் சிலர் சொல்கிறார்கள்.

தேவிபட்டினத்திலும் மண்டபத்திலும் நடந்த கால் உரமேறியிருக்கும் என்பது சரியே. ஆனால் ஈரமணல் அடிக்கேற்ப அமிழ்ந்து கொடுக்கும், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் பெரும்பகுதியோ வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும் கெட்டிச் சாலை. நானும் என் மைத்துனரும் முற்பகல் பதினொரு மணிக்குப் புறப்பட்டோம். பிறந்ததிலிருந்து கரைவலை இழுத்தவரான அவருக்கு, நிருதி லிங்கத்தை நெருங்கும்போதே பெருவிரலுக்குக் கீழே ஓரிடம் மட்டும் காந்தத் தொடங்கியது. கொப்புளம் எழுவதற்கு முந்தைய அறிகுறி அதுதான். அப்போதே நிழலில் உட்கார்ந்து, காலைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பிளாஸ்திரி ஒட்டியிருக்க வேண்டும். நாங்கள் நடந்தோம், குபேர லிங்கத்துக்கு முன்பே கொப்புளம் உடைந்தது.

முதன்முறை செல்பவர்கள் வெயில் தாழ்ந்து, சாலையின் சூடு ஆறிய பிறகு புறப்படுங்கள். கூட்டத்தில் நடந்து பழகாதவர்கள் பௌர்ணமியைத் தவிர்ப்பது நல்லது.

சர்க்கரை நோயுள்ள தன் தாயாருக்குக் கால் சுடவே இல்லை என்று எழுதிய சகோதரிக்கு: அதைத் தெம்பு என்று எண்ணாதீர்கள். உணர்ச்சி குன்றிய பாதத்தில் கல் குத்தினாலும் தெரியாது என்பதால், மருத்துவரைக் கேட்காமல் அவரை வெறுங்காலில் அழைத்துச் செல்ல வேண்டாம். காலுறை அணியலாமா என்பதில் எங்கள் வீட்டுப் பெரியவர்களே இன்னும் ஒருமனப்படவில்லை; உங்கள் தாயார் விஷயத்தில் நான் அணியச் சொல்வேன்.