வைட்டமின் டி தினமும் 60,000 யூனிட்டா?

“முட்டி வலிக்கு வாரம் ஒண்ணு பத்தாது, 60,000 வைட்டமின் டி பவுடரை தினமும் பால்ல கலந்து குடிங்க. வைட்டமின்தானே, மிஞ்சினா மூத்திரத்துல போயிடும்.”

போகாது. பி, சி வைட்டமின்கள்தான் தண்ணீரில் கரைந்து வெளியேறும். டி கொழுப்பில் கரைந்து உடம்பிலேயே தங்கிவிடும். நமக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 600 யூனிட். இது அதைப்போல 100 மடங்கு. குறைபாடு இருப்பவருக்கு வாரம் ஒன்று, வழக்கமாக 8 வாரம், அவ்வளவுதான்.

காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர் இரண்டு மாதம் தினமும் குடித்தார், கூடவே கால்சியம் மாத்திரையும். முதலில் மலச்சிக்கல், பிறகு அடங்காத தாகம், ராத்திரி நாலைந்து தடவை சிறுநீர். சுகர் என்று பயந்தார்; சுகர் சரியாகவே இருந்தது. ரத்தத்தில் கால்சியம் 13.4. இயல்பு 10.5க்குள்.

கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோன்தான் ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும்; அதையும் பார்த்தோம், மிகக் குறைவு. இதுதான் துப்பு. சுரப்பியில் கட்டி இருந்தால் அது கூடியிருக்கும், அல்லது குறையாமலாவது நிற்கும். வெளியிலிருந்து கால்சியம் ஏறும்போது சுரப்பி தானே அடங்கிவிடும். வைட்டமின் டி அளவு 200ஐத் தாண்டியிருந்தது.

இரண்டையும் நிறுத்தி சலைன் ஏற்றினோம். கொழுப்பில் சேர்ந்தது மெல்ல மெல்லத்தான் இறங்கும் என்பதால், கால்சியமும் சிறுநீரகமும் சீராகிறதா என்று மாதக்கணக்கில் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.