பேர் போட்டதுதான் குற்றமாம்

நம் பொது வீட்டுப் பழுது வேலை பற்றிய கூட்டக் குறிப்பையும் மெயில்களையும் சுருக்கி நான் ஸ்லைடு போட்டேன். அதை வைத்து ஞாயிற்றுக்கிழமை பங்காளிகள் கூட்டத்தில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். "நாங்க எழுதுன மெயிலை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு நாலு ஸ்லைடுல முடிச்சிட்டான், போதாததுக்கு எங்க பேரைப் போட்டு வேலை வேற வாங்குறான்" என்று சிங்கப்பூரிலிருந்து அண்ணன் சொன்னார். பெரியவர்கள் இருந்ததால் அங்கே வாயைத் திறக்கவில்லை. இங்கே திறக்கிறேன்.

வேலைக்குப் பக்கத்தில் ஓர் ஆளின் பெயர் இல்லையென்றால் அந்த வேலை நடக்காது. குழுவின் பெயர் போதாது, ஆளின் பெயர் வேண்டும்.

வீட்டின் இரண்டாங்கட்டுக் கூரை ஓடு விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டக் குறிப்பில் என்ன இருந்தது? "கூரை குறித்து விரிவாக விவாதிக்கப்பட்டது. விரைவில் நடவடிக்கை எடுக்கப்படும்." எடுப்பது யார், வானத்திலிருந்து வருவாரா? சரி, மெயிலில் இருக்கும் என்று பார்த்தால், ஒருவர் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு மெஷின் ஓடு போடலாம் என்கிறார். இன்னொருவர் நாட்டு ஓடுதான் வேண்டும் என்கிறார். அண்ணன் "நல்ல யோசனை, பார்க்கலாம்" என்று எழுதுகிறார், எந்த யோசனை என்று சொல்லாமலே. "பார்க்கலாம்" என்பதைச் சம்மதம் என்று எழுதிவிடுவதுதான் இந்த வேலையில் எல்லாரும் செய்கிற தப்பு. யாரும் மறுக்கவில்லை என்பதும் சம்மதம் ஆகாது.

இதற்கு நடுவில் கோயம்புத்தூர் ஆச்சி ஒரு பழைய மெயிலுக்குப் பதில் போட்டிருக்கிறார். அந்தப் பழைய மெயிலில் இருந்த நாலு பேருக்கு மட்டும்தான் அது போயிருக்கிறது. அங்கே நாட்டு ஓடு என்று பேசி முடித்தே விட்டார்கள். மற்றவர்கள் அது தெரியாமல் இங்கே இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி மெயிலை மட்டும் படித்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி, யார் யாருக்குப் போனது என்று பார்த்தபோதுதான் கிளை பிரிந்த இடம் தெரிந்தது. அதையும் நானாக முடிவு என்று எழுதவில்லை. குரூப்பில் கேட்டேன், ஆமாம் என்று பதில் வந்தது, அப்புறம்தான் எழுதினேன்.

அந்த ஸ்லைடுக்குத் தலைப்பு "கூரை" என்று வைக்கவில்லை. "இரண்டாங்கட்டுக்குப் பழைய நாட்டு ஓடே, உடைந்ததை மட்டும் மாற்றுகிறோம்" என்று முடிவையே தலைப்பாக்கினேன். கீழே எந்தத் தேதி மெயிலில் ஒப்புக்கொண்டது என்ற விவரம். அதற்கும் கீழே வேலை: கொத்தனாரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குவது, அண்ணன், ஆகஸ்ட் 20. மதிப்பீடு குரூப்பில் வந்தால்தான் முடிந்ததாகக் கணக்கு. "பேசிட்டேன்" என்றால் முடிந்தது ஆகாது. ஒரு குடும்பப் புள்ளிக்கு எவ்வளவு பணம் என்பது முடிவாகவில்லை. அதனால் அது தனி ஸ்லைடு: இருக்கிற இரண்டு வழிகள், யார் சொல்ல வேண்டும், ஐப்பசி மழைக்குள் சொல்லாவிட்டால் என்ன ஆகும்.

"விவரமெல்லாம் போச்சே" என்பார்கள். எங்கேயும் போகவில்லை. முழுக் குறிப்பும் கடைசியில் இணைப்பாக இருக்கிறது, திறந்து பார்த்தால் தெரியும்.

"கேக்காம எப்படி என் பேரைப் போடலாம்?" அண்ணே, "அந்தக் கொத்தனார் நமக்குப் பழக்கம், நான் பேசுறேன்" என்று மெயிலில் எழுதியது நீங்கள்தான். வாய்விட்டு ஏற்காதவர்கள் பெயருக்குப் பக்கத்தில் "ஒப்புதல் வரவில்லை" என்றுதான் போட்டிருக்கிறேன். யாருமே ஏற்காத வேலைக்கு அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டேன். அந்த வெற்றிடத்தைப் பார்த்துத்தான் சிலருக்குக் கோபம் என்று நினைக்கிறேன்.

"குடும்பத்தைக் கம்பெனி ஆக்காதே" என்று ஒருவர் சொன்னார் பாருங்கள், அதுதான் குத்தியது. நம் ஐயாக்கள் பர்மாவில் கடன் கொடுத்தபோது யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதி என்று எழுதாமலா கொடுத்தார்கள்? அதில் வந்த பணத்தில் கட்டிய வீடுதானே இது? போன மழைக்கு வளவில் தண்ணீர் இறங்கி ஆத்தங்குடிக் கல் முழுக்க நின்றபோது வாளியோடு நின்றது நானும் என் வீட்டுக்காரியும்தான். போட்டோ அனுப்பினேன். அழுகிற பொம்மை போட்டார்கள், எல்லாரும். ஊரில் இருப்பவன் சும்மா இருப்பவன் என்று ஒரு நினைப்பு. மெயில் படிக்கவும் அவன், வாளி தூக்கவும் அவன், கூட்டத்தில் திட்டு வாங்கவும் அவன்.

என் எழுத்து பிடிக்கவில்லையென்றால் அடுத்த கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் எழுதுங்கள், சந்தோஷம். ஆனால் நான் எழுதுகிறவரை, 20ஆம் தேதிக்குள் மதிப்பீடு வராவிட்டால் அண்ணன் பெயர் அதே வரியில்தான் இருக்கும். பக்கத்தில் சிவப்பில் "தாமதம்" என்று சேர்த்து.