கோரை நட்டால் சுரங்கத் தண்ணீர் சுத்தமாகிவிடுமா?

"கைவிட்ட சுரங்கத்தின் அமிலத் தண்ணீரைக் குட்டையில் தேக்கி, கோரை நட்டால் போதும். வேர் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும்."
(வேலூர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி)

தவறு. கோரை உறிஞ்சும் இரும்பு மிகச் சொற்பம். குட்டையில் காற்றுப் பட்டு இரும்பு துருவாகப் படிவதுதான் பெரிய வேலை. ஆனால் அப்படிப் படியும்போதே புதிதாக அமிலம் உண்டாகிறது. அதைத் தாங்கும் காரத்தன்மை இல்லாத தண்ணீர் இன்னும் புளித்துப்போகும். அதனால் முதலில் சுண்ணாம்புக்கல், அப்புறம்தான் கோரை.

சரி, கல்லை வாய்க்காலில் கொட்டினால் போதுமா? காட்பாடியில் நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்ற இரும்பு உப்பை வாங்கிக் கரைத்து, அதில் ஒரு சுண்ணாம்புக்கல்லைப் போட்டு வைத்தேன். சில நாளில் கல்லின் மேல் செங்காவி நிறத்தில் தோல் கட்டிவிட்டது. தோல் மூடிய கல் மிக மெதுவாகத்தான் கரையும். இதைத் தவிர்க்கத்தான் கல்லை மண்ணுக்கடியில் காற்றுப் புகாமல் புதைத்து, சுரங்க வாயிலிலிருந்தே தண்ணீரை அதற்குள் விடுகிறார்கள். வரும் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். அலுமினியம் அதிகமிருந்தால் இந்த முறை உதவாது. வெள்ளைக் கூழாகப் படிந்து கல் இடுக்கை அடைத்துவிடும்.

கோரைக் குட்டைக்குள் நுழையும்போது பி.எச். 6, வெளியேறும்போது 4 என்றால், தண்ணீர் குட்டைக்குள் இன்னும் புளித்திருக்கிறது; முன்னால் உள்ள கல் போதவில்லை என்று அர்த்தம்.