நாலு நிமிஷத்தில் என்னத்தைங்க பரிசீலிச்சீங்க?

ராத்திரி 9.42க்கு ஒரு வேலைக்கு விண்ணப்பத்தை அனுப்பினேன். 9.46க்குப் பதில் வந்துவிட்டது. "தங்கள் விண்ணப்பத்தைக் கவனமாகப் பரிசீலித்தோம். வருந்துகிறோம்." அடுப்பில் வைத்த பால் இன்னும் பொங்கக்கூட இல்லை. எட்டிப் பார்த்த அம்மா, "அதுக்குள்ள படிச்சுப்போட்டாங்களா சாமி?" என்றார்.

திருப்பூரில் 11 வருஷமாக, ஆடை ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊர் கம்பெனி கேட்டில் 'டெய்லர், செக்கிங் ஆட்கள் தேவை' என்று போர்டு தொங்கும். போய்க் கேட்டால் வாட்ச்மேன் அண்ணன், "ஆள் எடுத்தாச்சுங்க, அடுத்த மாசம் வந்து பாருங்க" என்பார். இல்லை என்பதற்கும் ஒரு 'ங்க' உண்டு. அதோடு, அதைச் சொல்வது ஒரு ஆள்.

வேண்டாம் என்றால் வேண்டாம், சரி. எனக்கு எரிந்தது அந்த 'கவனமாக' என்ற சொல்தான். நாலு நிமிஷத்தில் யாரும் என் ரெஸ்யூமைத் திறந்திருக்கவே மாட்டார்கள். இவ்வளவு வேகமாக மறுப்பு வந்தால், பெரும்பாலும் காரணம் ரெஸ்யூமில் இருக்காது, விண்ணப்பப் படிவத்தில் இருக்கும். அதில் வரும் சில கேள்விகளுக்கு 'இந்தப் பதில் வந்தால் நிராகரி' என்று முன்கூட்டியே குறித்து வைக்க முடியும். மறுப்பு மெயிலைச் சில மணி நேரமோ ஒரு நாளோ தள்ளி அனுப்பவும் பல மென்பொருள்களில் வசதி இருக்கிறது. யாரோ உட்கார்ந்து யோசித்த மாதிரி தெரியுமல்லவா! இவர்கள் அந்த நடிப்புக்குக்கூட மெனக்கெடவில்லை.

படிவத்தின் நகல் மெயிலில் இருந்தது. ஒவ்வொரு பதிலையும் விளம்பரத்தோடு வைத்துப் பார்த்தேன். அனுபவம் சரி, ஊர் சரி, நோட்டீஸ் காலம் சரி. படிப்பில்தான் மாட்டியது. விளம்பரத்தில் 'ஏதேனும் ஒரு பட்டம்' என்றிருந்தது. படிவத்திலோ பி.இ., பி.டெக்., எம்.பி.ஏ., மற்றவை, அவ்வளவுதான். நான் படித்தது பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன். துணி வேலைக்கென்றே உள்ள படிப்புக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. 'மற்றவை' போட்டேன், கதவு சாத்தியது.

இன்னொரு மெயில் முகவரியில் பி.டெக். என்று போட்டுவிடு என்றாள் தோழி. பொய், சான்றிதழ் சரிபார்க்கும்போது மாட்டும். அதைவிட, என் பக்கம் இருந்த ஒரே நியாயத்தையும் நானே கெடுத்துக்கொள்வேன்.

முதலில் எழுதிய பதிலில் அனல் பறந்தது. அழித்தேன். ஐரோப்பாவில் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவைக் காட்டி, இயந்திரம் மட்டுமே எடுத்த முடிவை ஒரு மனிதர் பார்க்க வேண்டும் என்று கேட்க வழி இருக்கிறது. நம் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விவரத்தைத் திருத்தக் கேட்கும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் அப்படி ஒரு மறுபார்வை உரிமை இல்லை. உரிமை இல்லாத இடத்தில் தணிவாகத்தான் கேட்க வேண்டும். வயிறு எரிந்தாலும்.

ஆங்கிலத்தில் அனுப்பியது ஏறக்குறைய இதுதான்:

"வணக்கம். மெர்ச்சண்டைசர் பணிக்கு இன்று இரவு 9.42க்கு விண்ணப்பித்தேன், 9.46க்கு மறுப்பு வந்தது. விண்ணப்ப எண் தலைப்பில் உள்ளது. விளம்பரத்தில் ஏதேனும் ஒரு பட்டம் போதும் என்றுள்ளது. படிவத்தில் பி.எஸ்சி. இல்லாததால் 'மற்றவை' எனக் குறித்தேன். அதனால் தானாக நிராகரிக்கப்பட்டதோ என்று நினைக்கிறேன். பட்டச் சான்றிதழை இணைத்துள்ளேன். உங்களில் ஒருவர் ஒருமுறை பார்த்துச் சொன்னால் நன்றியுடையவளாவேன். முடிவு மாறாவிட்டாலும் பரவாயில்லை."

11 வருஷக் கதையை அதில் வைக்கவில்லை. நீளமாக எழுதினால் அந்த ஒரு முரண் கண்ணில் படாமல் போய்விடும். மறுப்பு வந்த முகவரி noreply என்று தொடங்கியது, அதற்கு எழுதுவது கிணற்றில் கல் போடுவது. விளம்பரத்தின் அடியில் இருந்த எச்.ஆர். முகவரிக்கு அனுப்பினேன்.

நாலாம் நாள் ஒரு பெண் கூப்பிட்டார். மெஷின் பராமரிப்பு இன்ஜினியர் வேலைக்குப் போட்ட படிவத்தை அப்படியே நகலெடுத்து, தலைப்பை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். படிப்புக் கேள்வி பழையபடியே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. "சாரிங்க மேடம், உங்க விண்ணப்பத்தைத் திறந்துட்டோம். வியாழக்கிழமை வர முடியுங்களா?" என்றார்.

வருகிறேன் என்றேன். அப்புறம் கேட்டேன்: "எனக்கு முன்னாடி 'மற்றவை' போட்டவங்க எத்தனை பேருங்க?"

"அது... பார்க்கணும்ங்க மேடம்."

"பாருங்க. எல்லாருக்கும் 'கவனமா' பரிசீலிச்சோம்னுதானே மெயில் போயிருக்கும்?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.