பாட்டிலை நசுக்கி மூடினால் கேஸ் தங்குமா?

“பாதி குடித்த கூல்டிரிங் பாட்டிலை நசுக்கிக் காற்றை வெளியேற்றி மூடுங்கள், கேஸ் போகாது.” டர்பன் நகர வாட்ஸ்அப் குழுக்களில் கோடை வந்தால் இது சுற்றும்.

தவறு. மூடிய பாட்டிலுக்குள் கார்பன் டை ஆக்சைடு பானத்திலிருந்து வெளியேறிக்கொண்டும், மேலே இருப்பது திரும்பக் கரைந்துகொண்டும் இருக்கும், இரண்டின் வேகமும் சமமானால் அதுதான் இயங்கு சமநிலை. எதுவும் நிற்பதில்லை, மொத்தக் கணக்குதான் மாறாமல் இருக்கிறது. வெப்பநிலை மாறாதவரை, கரையும் வேகத்தைத் தீர்மானிப்பது மேலே உள்ள கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் மட்டுமே, சாதாரணக் காற்று அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

2 லிட்டர் பாட்டிலில் 1 லிட்டர் மிச்சம் என்றால் மேலே 1 லிட்டர் இடம். நசுக்கினால் அது குறையும், சரி, ஆனால் வெளியேறும் வாயு பிளாஸ்டிக்கைத் தள்ளி உப்பவைத்துவிடும் (காலையில் பாட்டில் மறுபடி விறைப்பாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்), அப்புறம் அதே 1 லிட்டர் இடத்தைப் பானத்திலிருந்து வந்த வாயுதான் நிரப்பும். லாபமே இல்லை.

சமநிலையைப் பானத்தின் பக்கம் தள்ள வேண்டுமானால் குளிரவையுங்கள். 0 டிகிரியில் இந்த வாயு 25 டிகிரியைவிட ஏறக்குறைய இரு மடங்கு கரையும். இல்லையென்றால் 1 லிட்டர் பாட்டிலில் விளிம்பு வரை மெதுவாக ஊற்றி மூடுங்கள். ஊற்றும்போது கொஞ்சம் போகும், அதைத் தவிர்க்க முடியாது.