மிஷின் சரியாகக் காட்டினால் வாட்ச் சரியாகிவிடுமா?

தோழி ஒருவர் தன் எச்எம்டி கைச்சாவி வாட்சைச் சர்வீசுக்குக் கொடுத்தார். திரும்பி வந்ததிலிருந்து முள் பின்தங்குகிறது, சொன்னதைவிட அதிகப் பணமும் வாங்கிவிட்டார்கள் என்று கடைக்காரருக்குப் புகார் கடிதம் எழுதினார். அந்த விவகாரத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் புகார் கடிதம் எழுதிய தோழியைக் கடைக்காரரோடு சேர்ந்து இத்தனை பேர் மட்டம் தட்டுவதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

கடைக்காரரின் பதில் ஒரே ஒரு படம். வாட்ச் ஓட்டத்தைச் சோதிக்கும் டைம்கிராஃபர் மிஷினின் திரையில் ஒரு நாளைக்கு +6 விநாடி, ஆம்ப்ளிட்யூட் என்கிற ஆட்ட வீச்சு 270 டிகிரி. "மெஷின் பெர்ஃபெக்ட், நீங்க சாவி சரியா குடுக்கல." உடனே எல்லோரும் கைதட்டிவிட்டீர்கள். அந்த மிஷின் எதை அளக்கிறது என்று ஒருவராவது கேட்டீர்களா?

அது மைக்கில் 'டிக் டிக்' சத்தத்தைக் கேட்கிறது. உள்ளே முன்னும் பின்னும் ஆடி நேரத்தைக் காக்கும் பேலன்ஸ் வீல் என்ன வேகத்தில், எவ்வளவு வீச்சில் ஆடுகிறது என்பதை மட்டும் சொல்கிறது. முள் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. பேலன்ஸ் ஒழுங்காக ஆடினாலும் முள் பின்தங்கலாம். இந்த வாட்சில் நடப்பது அதுதான்.

நிமிஷ முள் உட்கார்ந்திருக்கும் சின்னக் குழாய்க்குக் கேனன் பினியன் என்று பெயர். அடியிலுள்ள அச்சை அது இறுக்கிப் பிடித்தபடி சுற்றும். நாம் வாட்சின் சாவித் தலையை இழுத்து நேரம் வைக்கும்போது மட்டும் வழுக்க வேண்டும். பிடி தளர்ந்தால் ஓடும்போதும் வழுக்கும். உள்ளே எல்லாம் சரியாக ஓடும், முள் மட்டும் பின்தங்கும். சர்வீசுக்குப் பிறகு இது ஆரம்பித்ததிலும் ஆச்சரியம் இல்லை. தேய்ந்த பினியனை இறுகிப்போன பழைய கிரீஸ் ஒட்டிப் பிடித்திருக்கும். கழுவினால் அதுவும் போய்விடும். மாட்டும்போது பிடியைச் சோதித்துப் பார்ப்பது ரிப்பேர்காரரின் வேலை.

தோழியின் கடிதத்தில் இதற்கு ஆதாரமே இருந்தது. யாரும் படிக்கவில்லை. செகண்ட் முள் 12-ல் இருக்கும்போது நிமிஷ முள்ளைச் சரியாக ஒரு கோட்டில் வைத்து, செல்போன் கடிகாரத்தோடு ஒரு படம். ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு படம். அதில் செகண்ட் முள் போனோடு இரண்டு விநாடிதான் மாறுகிறது. நிமிஷ முள்ளோ மூன்றரை நிமிஷம் பின்னால், இரண்டு கோட்டுக்கு நடுவில் நிற்கிறது. வாட்சே மெதுவாக ஓடியிருந்தால் இரண்டு முள்ளும் சேர்ந்தே பின்தங்கியிருக்கும். செகண்ட் முள் 12-க்கு வரும்போது நிமிஷ முள் கோட்டின் மேலேயே இருக்கும். இரண்டும் பிரிந்துவிட்டன என்றால் வழுக்குகிறது என்றுதான் அர்த்தம். நிமிஷ முள் மட்டும் லூசாக இருக்கலாமே என்பீர்கள். அப்படியானால் மணி முள் சரியான இடத்தில் இருந்திருக்கும். மணி முள்ளையும் ஓட்டுவது அதே பினியன்தான், இங்கே மணி முள்ளும் சேர்ந்தே பின்தங்கியிருக்கிறது.

சாவி கொடுக்காததால் எந்த வாட்சிலும் இப்படிச் செகண்ட் முள்ளும் நிமிஷ முள்ளும் பிரியாது. அவருக்குச் சாவி கொடுக்கத் தெரியாது என்று எழுதியவர்கள் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

"பழைய வாட்ச்னா அப்படித்தான் இருக்கும்" என்பது அடுத்த வாதம். பழைய கைச்சாவி வாட்ச் நாளுக்கு அரை நிமிஷம் முன்பின் ஓடினால் நானே பேசாமல் இருந்துவிடுவேன். இது நாளுக்குப் பதினாலு நிமிஷம்! அதைச் சரிசெய்யப் புது உதிரிபாகம்கூட வேண்டாம். பினியனைக் கழற்றி, உள்ளே ஊசி மாதிரி ஒரு கம்பியை விட்டு, பக்கவாட்டுப் பள்ளத்தில் லேசாக அமுக்க வேண்டும். அதிகம் அமுக்கினால் நேரம் வைக்கும்போது பல் உடையும், அதனால் கை பழகியவர் செய்ய வேண்டும். சில நிமிஷ வேலை.

"சின்னக் கடை, பாவம்" என்கிறார்கள். சின்னக் கடைகள் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் 900 ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டு, ஒரு போன்கூடப் பண்ணாமல் 2,800 வாங்கியது சின்ன விஷயமா? மெயின் ஸ்பிரிங் 600, பேலன்ஸ் 1,000 என்று சீட்டில் இருக்கிறது. கழற்றிய பழையது எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. மாற்றினேன் என்றால் பழைய பாகத்தைக் கையில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் கடிதத்தில் எனக்கு ஒரே குறை. பணத்தையும் பழுதையும் ஒரே பத்தியில் கலந்து எழுதிவிட்டார், கடைக்காரர் தனக்கு வசதியானதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டார். இரண்டாவது கடிதத்தில் தனித்தனியாகக் கேட்கட்டும். முதலில், கேனன் பினியனை இறுக்கி, ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, முள்ளைப் பார்த்துத் திருப்பித் தர வேண்டும், கட்டணம் இல்லாமல். அடுத்து, பழைய ஸ்பிரிங்கும் பேலன்ஸும் வர வேண்டும், இல்லையென்றால் அந்த 1,600 ரூபாய். இரண்டு படமும் சீட்டின் நகலும் சேர்த்து ஸ்பீட் போஸ்டில், 15 நாள் கெடுவோடு. பதில் வராவிட்டால் 1915 என்ற போன் நம்பரில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். இவ்வளவு சின்னத் தொகைக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போகலாம்.

கடைக்காரர் பக்கம் நின்றவர்கள் முதலில் அந்த இரண்டு படத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். பிறகு பேசலாம்.